கடை வாடகைக்கு ஆர்சிஎம்: கட்டியதை அதே மாதம் எடுத்துக்கொள்ளலாம் என்றால் எதற்குக் கட்ட வேண்டும்?

"கோவையில் பம்ப் உதிரிபாகக் கடை. மாத வாடகை 45,000, ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி அந்த மாத வாடகையைக் கொடுத்துவிடுவேன். கட்டிட உரிமையாளருக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை. வாடகைக்கு நான்தான் 18% கட்ட வேண்டும், கட்டியதை நானே கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். இரண்டும் சமம் என்றால் கணக்கில் போடாமலே விட்டால் என்ன? ஜூலையில் கடையை இடம் மாற்றினேன், அக்டோபர் வரை நாலு மாதம் ஒன்றும் செய்யவில்லை. இப்போது நவம்பர் ரிட்டர்ன் போட வேண்டும். எப்படிச் சரி செய்வது?"

இரண்டும் சமம் என்பது தொகையில் மட்டும்தான் உண்மை. கட்டும் பணம் ஒரு பையிலிருந்து போகிறது, கிரெடிட் வேறொரு பையில் வந்து விழுகிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்ற குழப்பங்கள் தானாகத் தீரும்.

முதலில், இது உங்களுக்குப் பொருந்துமா என்று பார்த்துவிடுவோம். பதிவு இல்லாதவர், பதிவுள்ளவருக்குக் கடை, குடோன், அலுவலகம் போன்ற குடியிருப்பு அல்லாத இடத்தை வாடகைக்கு விட்டால், வாடகைக்கான ஜிஎஸ்டியை வாடகைக்கு இருப்பவரே கட்ட வேண்டும். இப்படி விற்பவருக்குப் பதில் வாங்குபவர் வரி கட்டுவதைத்தான் ரிவர்ஸ் சார்ஜ், சுருக்கமாக ஆர்சிஎம் என்கிறார்கள். இது 2024 அக்டோபர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரி 16 முதல் விலக்கு கொடுத்துவிட்டார்கள். நீங்கள் வழக்கமான முறையில் மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர், அதனால் உங்களுக்கு விலக்கு இல்லை.

2017இல் ஜிஎஸ்டி வந்த புதிதில், பதிவு இல்லாதவரிடம் எதை வாங்கினாலும் ரிவர்ஸ் சார்ஜ் என்று ஒரு விதி ஓடியது. டீ வாங்கிய காசைக்கூட எழுதி வைத்த காலம் அது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். இப்போது அந்தப் பிரிவு கட்டுமானத் துறை புரமோட்டர்களுக்குத்தான் மிச்சம் இருக்கிறது. உங்கள் கடைக்குப் பெயின்ட் அடித்தவருக்கும் ரேக் செய்து கொடுத்த தச்சருக்கும் பதிவு இல்லை என்பதற்காக நீங்கள் வரி கட்ட வேண்டியதில்லை. வாடகைக்குக் கட்டுவது, ரிவர்ஸ் சார்ஜ் என்று அறிவிக்கப்பட்ட சேவைகளின் பட்டியலில் அது இருப்பதால். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, அந்த இரண்டு பைகளுக்கு வருவோம்.

ஜிஎஸ்டி தளத்தில் நீங்கள் இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு லெட்ஜர். ஒன்று ரொக்க லெட்ஜர், செலான் போட்டுக் கட்டிய பணம் அதில் நிற்கும். இன்னொன்று கிரெடிட் லெட்ஜர், கொள்முதலுக்குக் கொடுத்த வரி அதில் சேரும். விற்பனை மீதான வரியைக் கிரெடிட்டிலிருந்து கழித்துவிட்டு மிச்சத்தைப் பணமாகக் கட்டலாம். ரிவர்ஸ் சார்ஜ் வரிக்கு அந்தச் சலுகை கிடையாது. சட்டத்தில் 'வெளியீட்டு வரி' என்ற சொல்லுக்குக் கொடுத்த விளக்கத்திலேயே ரிவர்ஸ் சார்ஜ் வரியை வெளியே தள்ளிவிட்டார்கள், கிரெடிட்டை வெளியீட்டு வரிக்கு மட்டுமே பயன்படுத்தலாம். அதனால் கிரெடிட் லெட்ஜரில் உங்களுக்கு 5 லட்சம் கிடந்தாலும் வாடகைக்கான 8,100 ரூபாயை ரொக்க லெட்ஜரிலிருந்துதான் கட்ட முடியும். கட்டியதும் அதே 8,100 கிரெடிட் லெட்ஜரில் வந்து சேரும், அதை விற்பனை வரிக்குக் கழித்துக்கொள்ளலாம்.

இதனால் உங்கள் கையிலிருந்து உண்மையில் எவ்வளவு போகிறது? ஒரு சாதாரண மாதத்தை எடுத்துக்கொள்வோம். விற்பனை மீது சிஜிஎஸ்டி 60,000, எஸ்ஜிஎஸ்டி 60,000. கொள்முதல் கிரெடிட் ஒவ்வொன்றிலும் 52,000. வாடகை என்ற பேச்சே இல்லையென்றால், தலைக்கு 8,000 வீதம் மொத்தம் 16,000 கட்டுவீர்கள்.

இப்போது வாடகையைச் சேருங்கள். 45,000க்கு 18% என்றால் 8,100, அதாவது சிஜிஎஸ்டி 4,050, எஸ்ஜிஎஸ்டி 4,050. இந்த 8,100ஐ முதலில் பணமாகக் கட்டுகிறீர்கள். கிரெடிட் ஒவ்வொன்றிலும் 52,000லிருந்து 56,050 ஆகிறது. விற்பனை வரி 60,000லிருந்து அதைக் கழித்தால் மிச்சம் 3,950, இரண்டும் சேர்த்து 7,900. ஆக 8,100 + 7,900 = 16,000. பழைய தொகையேதான். உங்களைப் போல மாதாமாதம் கொஞ்சம் பணம் கட்டுகிற கடைக்கு இது வெறும் வழி மாற்றம். ஒரு ரூபாய்கூட அதிகம் போகாது.

ஆனால் எல்லோருக்கும் இப்படி இல்லை. கொள்முதல் கிரெடிட் 52,000க்குப் பதில் 70,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், சீசனுக்கு முன்னால் சரக்கை ஏற்றி வைத்திருக்கிறீர்கள். அந்த மாதம் விற்பனை வரிக்குப் பணமே கட்ட வேண்டியதில்லை. இருந்தாலும் வாடகைக்கான 8,100ஐப் பணமாகக் கட்டியே ஆக வேண்டும், அது ஏற்கனவே வழிந்து கிடக்கும் கிரெடிட்டோடு போய் உட்கார்ந்துகொள்ளும். பணம் தொலையவில்லை, ஆனால் முடங்குகிறது.

வரிவிலக்குப் பொருளும் வரியுள்ள பொருளும் சேர்த்து விற்பவருக்கு நிஜமாகவே இழப்பு உண்டு. ஒரு புத்தகக் கடை: புத்தகத்துக்கு வரி இல்லை, பேனாவுக்கு உண்டு. விற்பனை பாதிக்குப் பாதி என்றால், வாடகைக்குக் கட்டிய 8,100இல் பாதியான 4,050ஐத் திருப்பிவிட வேண்டும், மாத ரிட்டர்னான GSTR-3Bயில் 4(B)(1)இல் காட்டி. அந்த 4,050 வாடகைச் செலவோடு சேர்ந்துவிடும். "கட்டியதை எடுத்துக்கொள்ளலாம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. உங்கள் கடையில் எல்லாமே வரியுள்ள சரக்கு, அதனால் உங்களுக்கு முழுசாகக் கிடைக்கும்.

அடுத்து, காகிதம். பதிவில்லாத உரிமையாளர் ஜிஎஸ்டி பில் கொடுக்க முடியாது, வரி வசூலிக்கவும் கூடாது. அதனால் அவர் சார்பில் நீங்களே உங்களுக்கு ஒரு இன்வாய்ஸ் போட்டுக்கொள்ள வேண்டும், செல்ஃப் இன்வாய்ஸ் என்பது அதுதான். கிரெடிட் எடுப்பதற்கு இதுதான் ஆதாரம். வாடகை ரசீதோ ஒப்பந்தமோ அந்த இடத்தைப் பிடிக்காது. அதற்கென்று தனி எண் வரிசை வைத்துக்கொள்ளுங்கள், விற்பனை பில் வரிசையோடு கலக்காதீர்கள். உரிமையாளர் பெயர், முகவரி, உங்கள் ஜிஎஸ்டி எண், சேவைக் குறியீடு 997212, எந்த மாத வாடகை, 45,000, வரி 4,050 + 4,050, ரிவர்ஸ் சார்ஜ் ஆம் என்ற வரி, உங்கள் கையெழுத்து, இவ்வளவு இருந்தால் போதும். பணம் கொடுக்கும்போது பேமென்ட் வவுச்சர் ஒன்றும் போட வேண்டும். இதைப் பெரும்பாலான கடைகளில் யாரும் போடுவதில்லை, கேட்டால் ரசீது இருக்கிறதே என்பார்கள். ஒரு பக்கம்தான், போட்டு வைத்துவிடுங்கள்.

தேதியில் கவனம் தேவை. சேவை கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் செல்ஃப் இன்வாய்ஸ் போட வேண்டும் என்ற விதி 2024 நவம்பர் 1 முதல் இருக்கிறது. வரி எந்த மாதத்துக்கு உரியது என்பதை, பணம் கொடுத்த தேதி, செல்ஃப் இன்வாய்ஸ் தேதி, இந்த இரண்டில் எது முந்தியதோ அது தீர்மானிக்கும். நீங்கள் 5ஆம் தேதியே வாடகையைக் கொடுத்துவிடுகிறீர்கள், அதனால் அந்த மாதமே வரி விழுந்துவிடுகிறது. இன்வாய்ஸைத் தள்ளிப் போட்டு வரியைத் தள்ள முடியாது. இன்வாய்ஸ், வவுச்சர் இரண்டையும் 5ஆம் தேதியே போட்டுவிட்டால் யோசிக்க ஒன்றுமில்லை.

நம் ஊர் வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் கொடுத்திருப்பீர்கள். காலி செய்யும்போது திரும்ப வருகிற பணம் அது, அதற்கு இப்போது வரி இல்லை. ஆனால் கடைசி மூன்று மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று பேசி முடித்தீர்களானால், கழிக்கும் தொகை அப்போது வாடகையாகிவிடும், வரியும் அப்போது வரும். கடையைக் காலி செய்கிற அவசரத்தில் இதை மறந்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உரிமையாளரிடம் இதைச் சொன்னால் பதறுவார். "என்னை ஜிஎஸ்டியில் மாட்டிவிடுறீங்களா" என்று ஒரு பெரியவர் என் வாடிக்கையாளரிடம் சண்டைக்கே வந்துவிட்டார். அவர் வாடகையில் ஒரு பைசா குறையாது. 8,100 என்பது 45,000க்கு மேல் நீங்கள் கட்டுவது, அதற்குள்ளிருந்து எடுப்பது இல்லை. இந்த வாடகையைத் தவிர அவருக்கு வரிக்குரிய வேறு வருமானம் இல்லையென்றால், இதற்காக அவர் பதிவு எடுக்கவும் வேண்டியதில்லை. இதை நிதானமாக எடுத்துச் சொன்னால் அமைதியாகிவிடுவார்கள்.

இனி கணக்குப் புத்தகம். நாலு புதிய லெட்ஜர் திறங்கள்: ஆர்சிஎம் சிஜிஎஸ்டி செலுத்த வேண்டியது, ஆர்சிஎம் எஸ்ஜிஎஸ்டி செலுத்த வேண்டியது, ஆர்சிஎம் சிஜிஎஸ்டி கிரெடிட், ஆர்சிஎம் எஸ்ஜிஎஸ்டி கிரெடிட். முதல் இரண்டும் பொறுப்புப் பக்கம், அடுத்த இரண்டும் சொத்துப் பக்கம். விற்பனை வரி லெட்ஜரோடும் கொள்முதல் கிரெடிட் லெட்ஜரோடும் இவற்றைச் சேர்க்கவே கூடாது. சேர்த்துவிட்டால் மாதக் கடைசியில் சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிக் கழித்து, "கட்ட வேண்டியது 16,000" என்று ஒரே எண்ணைக் காட்டும். எண் சரிதான், ஆனால் தளத்தில் அதை 8,100, 7,900 என்று இரண்டாகக் கட்டும்போது புத்தகம் ஒத்துப்போகாது.

5ஆம் தேதி வாடகை கொடுக்கும்போது:

வாடகைச் செலவு டெபிட் 45,000
வங்கி கிரெடிட் 45,000

அதே நாளில், செல்ஃப் இன்வாய்ஸ் எண்ணைக் குறிப்பிட்டு:

ஆர்சிஎம் சிஜிஎஸ்டி கிரெடிட் டெபிட் 4,050
ஆர்சிஎம் எஸ்ஜிஎஸ்டி கிரெடிட் டெபிட் 4,050
ஆர்சிஎம் சிஜிஎஸ்டி செலுத்த வேண்டியது கிரெடிட் 4,050
ஆர்சிஎம் எஸ்ஜிஎஸ்டி செலுத்த வேண்டியது கிரெடிட் 4,050

வாடகைச் செலவு 45,000லேயே நிற்கிறது, பாருங்கள். 53,100 என்று செலவில் எழுதிவிட்டு, அப்புறம் கிரெடிட்டும் எடுத்தால் ஒரே தொகைக்கு இரண்டு இடத்தில் பலன் எடுத்ததாகிவிடும். லாப நஷ்டக் கணக்கும் தப்பாகும்.

அடுத்த மாதம் செலான் கட்டும்போது, ஜிஎஸ்டி ரொக்க லெட்ஜர் டெபிட், வங்கி கிரெடிட். ரிட்டர்ன் போடும்போது, ஆர்சிஎம் செலுத்த வேண்டியது இரண்டும் டெபிட், ரொக்க லெட்ஜர் 8,100 கிரெடிட். அதோடு பொறுப்பு தீர்ந்தது. அப்புறம் விற்பனை வரியை டெபிட் செய்து, கொள்முதல் கிரெடிட் 52,000ஐயும் ஆர்சிஎம் கிரெடிட் 4,050ஐயும் ஒவ்வொரு தலைப்பிலும் தீர்த்து, மிச்சம் 3,950ஐ ரொக்க லெட்ஜரிலிருந்து எடுங்கள். செலான் போடும்போது மொத்தம் 16,000ஐ சிஜிஎஸ்டி 8,000, எஸ்ஜிஎஸ்டி 8,000 என்று பிரித்துப் போடுங்கள், எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் கொட்டிவிட்டு அப்புறம் PMT-09 போட்டு மாற்றிக்கொண்டு இருக்காதீர்கள்.

மார்ச் 31 அன்று மட்டும் ஒரு விஷயம். மார்ச் வாடகைக்கான 8,100 பொறுப்பிலும் நிற்கும், கிரெடிட்டிலும் நிற்கும், ஏனென்றால் கட்டுவது ஏப்ரலில்தான். இரண்டையும் கழித்து பூஜ்யமாக்கி பேலன்ஸ் ஷீட்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள். கட்ட வேண்டியது அரசுக்குப் பணமாக, வர வேண்டியது கிரெடிட்டாக, இரண்டும் தனித்தனியாகத் தெரியட்டும். "சமம்தானே, எதற்குப் போட வேண்டும்" என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதிலும். எழுதாமல் விட்டால் அரசுக்குக் கட்ட வேண்டிய பணம் கட்டப்படவில்லை, உங்களுக்கு வர வேண்டிய கிரெடிட்டும் பிறக்கவில்லை. இல்லாத கிரெடிட்டைக் காட்டி உள்ள பாக்கியைத் தள்ளுபடி செய்ய முடியாது.

ரிட்டர்னில் மூன்று இடம் இருக்கிறது. GSTR-3Bயில் 3.1(d) என்ற வரியில் 45,000, 4,050, 4,050. அதே ரிட்டர்னில் ரிவர்ஸ் சார்ஜ் கிரெடிட்டுக்கான 4(A)(3)இல் 4,050, 4,050. விற்பனை விவர ரிட்டர்னான GSTR-1இல் 13ஆம் அட்டவணையில், பதிவில்லாதவரிடம் பெற்றதற்கான இன்வாய்ஸ் என்ற வரியில் செல்ஃப் இன்வாய்ஸின் எண் தொடக்கம், முடிவு, எண்ணிக்கை. பேமென்ட் வவுச்சருக்கும் அங்கேயே ஒரு வரி உண்டு.

இதில் இரண்டு பொறி இருக்கிறது. பதிவுள்ளவர் ரிவர்ஸ் சார்ஜ் பில் போட்டிருந்தால் அது, விற்பவர்கள் காட்டிய பில்களை வைத்துத் தளமே தயாரிக்கும் GSTR-2B பட்டியலில் வந்து, 3Bயில் தானாக நிரம்பும். உங்கள் உரிமையாளருக்குப் பதிவே இல்லை, அதனால் அவர் வாடகை எங்கேயும் வராது. தளம் நிரப்பிக் கொடுத்ததை அப்படியே ஒப்புக்கொண்டு போகிறவர்கள் மாட்டுவது இங்கேதான், யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். எண்களை நீங்களே கையால் போட வேண்டும்.

இன்னொன்று, கிரெடிட்டை 4(A)(5)இல் போட்டுவிடுவது. அது 2Bயோடு ஒப்பிடப்படுகிற வரி. 2Bயில் இல்லாத 8,100 அங்கே அதிகமாகத் தெரிந்தால் நோட்டீஸ் வரலாம். எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதியவர் 3.1(d)ஐ ஒழுங்காக நிரப்பி, பணமும் கட்டி, 4(A)(3)ஐ ஒரு வருஷம் முழுக்கக் காலியாகவே விட்டிருந்தார். 2Bயில் வரவில்லை, அதனால் எடுக்கக்கூடாது என்று நினைத்தாராம். கெடு முடிவதற்குள் பார்த்ததால் அந்தப் பணம் தப்பித்தது. கெடு என்பது, செல்ஃப் இன்வாய்ஸ் போட்ட நிதியாண்டுக்கு அடுத்து வரும் நவம்பர் 30, அதற்கு முன்பே அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்னைப் போட்டுவிட்டால் அந்த நாள்.

2024 ஆகஸ்ட் முதல் தளத்தில் `RCM Liability/ITC Statement` என்று ஒரு பக்கம் இருக்கிறது. 3.1(d)இல் காட்டிய வரியும் 4(A)இல் எடுத்த ரிவர்ஸ் சார்ஜ் கிரெடிட்டும் அதில் மாதாமாதம் பதிவாகும். கட்டியதைவிட அதிகமாக எடுத்தால் மைனஸில் காட்டும். உங்கள் கடையில் அது ஒவ்வொரு மாதமும் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். பிளஸில் நின்றால் எடுக்காமல் விட்ட கிரெடிட் இருக்கிறது, மைனஸில் நின்றால் கட்டாமல் எடுத்திருக்கிறீர்கள். தப்பைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான இடம் இல்லை.

இப்போது உங்கள் நாலு மாதம். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் வாடகைக்கு இன்றைய தேதி போட்டு நாலு செல்ஃப் இன்வாய்ஸ் போடுங்கள், எந்த மாத வாடகை என்று விவரத்தில் எழுதுங்கள். ஜூலை தேதி போட்டு ஜூலையிலேயே போட்டதுபோல் காட்ட வேண்டாம். ஜூலை GSTR-1இல் அந்த எண் இல்லை என்பது உடனே தெரிந்துவிடும், தாமதம் என்ற சின்னத் தப்பு பொய் ஆவணம் என்ற பெரிய தப்பாகிவிடும். 30 நாள் தாண்டிவிட்டதற்கு அபராதம் கேட்க அதிகாரிக்கு இடம் இருக்கிறது, அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கிரெடிட் போகாது. பதிவில்லாதவரிடம் பெற்ற சேவைக்கு, செல்ஃப் இன்வாய்ஸ் போட்ட ஆண்டை வைத்தே கெடு கணக்கிடப்படும் என்று 2024 ஜூன் மாதச் சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நவம்பர் வாடகையையும் சேர்த்து ஐந்து மாதம். நவம்பர் GSTR-3Bயில் 3.1(d)இல் 2,25,000, வரி 20,250 + 20,250. 4(A)(3)இலும் 20,250 + 20,250. சிலர் பழைய மாதங்களை மட்டும், ரிட்டர்னுக்கு வெளியே தனியாகக் கட்டும் DRC-03 படிவத்தைப் போட்டுக் கட்டச் சொல்வார்கள். கட்டலாம்தான், ஆனால் அப்போது 3.1(d)இல் அந்தத் தொகை இருக்காது, 4(A)(3)இல் மட்டும் இருக்கும். மேலே சொன்ன பக்கத்தில் மைனஸ் விழும். நான் 3Bயிலேயே போடச் சொல்வேன்.

வட்டி ஆண்டுக்கு 18%, அந்தந்த மாத வரிக்குக் கெடுவான அடுத்த மாத 20ஆம் தேதியிலிருந்து. டிசம்பர் 20 அன்று ரிட்டர்ன் போட்டால் ஜூலைக்கு 122 நாள், ஆகஸ்டுக்கு 91, செப்டம்பருக்கு 61, அக்டோபருக்கு 30, மொத்தம் 304 நாள். 8,100க்கு ஒரு வருஷ வட்டி 1,458, அதை 365ஆல் வகுத்து 304ஆல் பெருக்கினால் சுமார் 1,214 ரூபாய். தலைக்கு 607 வீதம் 3Bயின் 5.1ஆம் அட்டவணையில் போடுங்கள். டிசம்பர் முதல் வாரமே ரிட்டர்ன் போட்டுவிட்டால் கொஞ்சம் குறையும். கட்டியிருந்தாலும் நானே கிரெடிட்டாக எடுத்திருப்பேனே, அரசுக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் வட்டிப் பிரிவு நஷ்டத்தைப் பார்ப்பதில்லை, தேதியைத்தான் பார்க்கிறது. வட்டிக்குக் கிரெடிட்டும் இல்லை, அது உங்கள் செலவு.

டிசம்பரில் கையில் வைத்திருக்க வேண்டிய பணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் திகைத்துப் போவீர்கள். நவம்பருக்கும் அதே 60,000, 52,000 என்று வைத்துக்கொண்டால், ஆர்சிஎம்முக்கு மட்டும் 40,500 பணமாகக் கட்ட வேண்டும், மேலே வட்டி 1,214. வழக்கமாகக் கட்டுகிற 16,000 எங்கே, இது எங்கே! ஆனால் கிரெடிட் ஒவ்வொன்றிலும் 72,250 ஆகிவிடும். விற்பனை வரிக்குப் பணமே தேவைப்படாது, தலைக்கு 12,250 மிச்சமும் நிற்கும். அடுத்து டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதக் கணக்குக்கும் வாடகை வரி 8,100 மட்டும் கட்டினால் போதும். அந்த மிச்சம் கரைந்து, பிப்ரவரி முடிவில் தலைக்கு 400 ரூபாய்தான் இருக்கும். மார்ச் கணக்குக்கு 15,200 கட்டுவீர்கள். ஐந்து மாதத்தையும் கூட்டிப் பாருங்கள், 80,000 வரும். மாதம் 16,000 வீதம் ஐந்து மாதத்துக்கு எவ்வளவோ அதே தொகை. நாலு மாதம் விட்டதற்கு உங்கள் கையை விட்டு நிரந்தரமாகப் போவது அந்த 1,214 ரூபாயும், கேட்டால் அபராதமும்தான்.